காய்ச்சல் டூட்டிக்கு வந்துவிட்டது

சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ, கொஞ்சம் பெரிய தனியார் மருத்துவமனை எதற்குப் போனாலும் வாசலில் ஒரு பலகை இருக்கும். ‘சளி, இருமல், காய்ச்சல் உள்ள பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.’ பலகைக்குக் கீழே நீல உடுப்பில் செக்யூரிட்டி. ஐ.சி.யூ.வில் கிடக்கும் பாட்டியைப் பார்க்க வந்த பேரன் ஒரு தும்மல் போட்டால் போதும். பையனை ஓரங்கட்டி, கையிலிருக்கும் பாஸைப் பிடுங்கி, நோயாளிகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு வகுப்பும் எடுத்துத்தான் திருப்பி அனுப்புவார். சரியான வேலைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பேரன் பாட்டியோடு இருந்திருக்கப்போவது பத்து நிமிஷம், அதுவும் கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று.

அதே நேரம் கட்டடத்தின் பின்பக்கம், ஊழியர்கள் நுழையும் வழியில், நூற்றொரு டிகிரி காய்ச்சலோடு ஒரு சிஸ்டர் விரலை வைத்து அட்டெண்டன்ஸ் போடுகிறார். மெஷின் ‘நன்றி’ என்கிறது. அங்கே பலகையும் கிடையாது, செக்யூரிட்டியும் கிடையாது. இவர் அடுத்த எட்டு மணி நேரம், ரிலீவர் வராவிட்டால் பன்னிரண்டு மணி நேரம், அதே பாட்டியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து சளி உறிஞ்சி எடுப்பார், வாய் துடைப்பார், புரட்டிப் படுக்கவைப்பார். பேரனின் தும்மல் தொற்று. சிஸ்டரின் தும்மல் கடமையுணர்ச்சி.

இந்த ஏற்பாட்டை நடத்தும் சுற்றறிக்கையை எந்த மருத்துவமனையும் காகிதத்தில் அடித்து ஒட்டியதில்லை. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒவ்வொரு சிஸ்டருக்கும் அது மனப்பாடமாகிவிடும். அதை எழுதினால் இப்படித்தான் இருக்கும்:

‘இதனால் சகல செவிலியருக்கும் தெரிவிப்பது யாதெனில், காய்ச்சல் என்பது மூன்று நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் விண்ணப்பித்து, இன்சார்ஜ் சிஸ்டரின் கையெழுத்தும் மேட்ரனின் ஒப்புதலும் பெற்ற பிறகே வர வேண்டியது. வார ஓய்வுக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் வரும் காய்ச்சல் சந்தேகத்துக்கு உரியது. தீபாவளி, பொங்கல் வாரங்களில் வரும் காய்ச்சல் பொய். மாற்று ஆளைக் காய்ச்சல்காரரே தேடிப் பிடித்துத் தர வேண்டும். நூற்றொன்றுக்குக் கீழே தெர்மாமீட்டர் காட்டும் எதுவும் வெறும் உடம்புச் சூடு. அதற்கு மேல் காட்டினால், நமது மருந்தகத்தில் பாரசிட்டமால் கிடைக்கும். மருத்துவச் சான்றிதழ் நமது டாக்டரிடமே வாங்க வேண்டும், ஓ.பி. கட்டணத்தில் ஊழியர் தள்ளுபடி உண்டு. தங்களது தியாகத்தைப் போற்றி மே 12 அன்று கேக் வெட்டப்படும்.’

மே 12 உலகச் செவிலியர் நாள். அன்றைக்கு மட்டும் கேக் துண்டு எல்லோருக்கும் உண்டு. மே 13 அன்று லீவ் கேட்டுப் பாருங்கள்.

காய்ச்சலோடு வேலைக்கு வருவதால் அப்படி என்னதான் ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்குப் போடலாம். இடம், ஒரு டயாலிசிஸ் பிரிவு. பன்னிரண்டு மெஷின்கள். ஒரு சிஸ்டருக்கு நான்கு மெஷின். காலை ஆறு மணிக்கு ஒரு செட் நோயாளிகள், பதினொன்றுக்கு அடுத்த செட். ஒவ்வொருவருக்கும் நாலு மணி நேரம். ஆக, ஒரு சிஸ்டர் ஒரு நாளைக்கு எட்டுப் பேரைப் பார்க்கிறார். நம் ஊரில் பலருக்கும் வாரத்துக்கு இரண்டு தடவைதான் டயாலிசிஸ். திங்கள்-வியாழன், செவ்வாய்-வெள்ளி, புதன்-சனி என்று மூன்று கூட்டம். நான் சொல்லும் பிரிவும் சிஸ்டரும் கற்பனை. மற்றதெல்லாம் நிஜம்.

இந்த சிஸ்டருக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி தொண்டை கரகரக்கிறது. பத்து மணிக்குக் குளிர், உடம்பு முறிக்கிற வலி. இன்ஃப்ளூயன்ஸாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தொண்டை கரகரப்பதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் மூச்சில் வெளியேற ஆரம்பித்துவிடும். அதனால் செவ்வாய் பகலில் அவர் பார்த்த எட்டுப் பேரை இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அதற்கு அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கேள்வி புதன் காலையில்தான் ஆரம்பிக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் போன் செய்கிறார்.

“சிஸ்டர், எனக்கு நூத்தி ஒண்ணு இருக்கு. இருமலும் இருக்கு. இன்னைக்கு வர முடியாது போல.”

“ஏம்மா, எங்களுக்கெல்லாம் இரும்பு உடம்பா? போன வருஷம் நூத்தி ரெண்டுல நான் மூணு நைட் பாத்தேன். ஒரு மாத்திரையப் போட்டுட்டு வா. மாஸ்க் போட்டுக்கோ, ஒண்ணும் ஆகாது.”

“கழுத்துல கதீட்டர் வச்ச பேஷண்ட் ரெண்டு பேர் இருக்காங்க சிஸ்டர். அதான் பயமா இருக்கு.”

“நீ வரலைன்னா அவங்களை யாரு மெஷின்ல போடுறது? நானா?”

இந்த இன்சார்ஜை வில்லியாக நினைத்துவிடாதீர்கள். அவர் கையில் உபரி ஆள் ஒருவர்கூட இல்லை. இல்லாத ஆளை எங்கிருந்து அனுப்புவார்? நூற்றிரண்டு டிகிரியில் மூன்று நைட் பார்த்ததைப் பதக்கமாக மார்பில் குத்திக்கொள்ளும்படி அவரைப் பழக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சிஸ்டர் பாரசிட்டமால் 650 ஒன்றை விழுங்கிவிட்டு வருகிறார். நாலிலிருந்து ஆறு மணி நேரம் காய்ச்சல் அடங்கும். வைரஸ் அடங்காது. இந்த மாத்திரை மூளையில் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்தில் வேலை செய்கிறதே தவிர, மூக்கிலும் தொண்டையிலும் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியை அது தொடுவதே இல்லை. வைரஸ் அதிகமாக வெளியேறுவதே முதல் மூன்று, நான்கு நாட்களில்தான். படுத்துக் கிடக்க வேண்டிய ஒருவரை எழுப்பி நடக்கவைத்து, ஆபத்து அதிகமான அந்த நாட்களிலேயே நோயாளியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் மாத்திரை செய்த உபகாரம்.

ஆறு மணிக்கு முதல் செட். ஃபிஸ்டுலா உள்ளவருக்குக் கையில் இரண்டு ஊசி குத்த வேண்டும், நரம்பைத் தடவிப் பார்த்து, குனிந்து, கவனமாக. கதீட்டர் உள்ளவருக்குக் கழுத்தோரமாகத் தொங்கும் குழாயைத் திறந்து மெஷினோடு இணைக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் சிஸ்டரின் முகமும் நோயாளியின் முகமும் ரகசியம் பேசுகிற தூரத்தில்தான் இருக்கும். பிறகு மணிக்கொரு தடவையாவது பி.பி. பார்க்க வேண்டும். யாருக்காவது கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும், யாருக்காவது பி.பி. சரிந்து கண் சொருகும். ஓடிப்போய் நாற்காலியைச் சாய்க்க வேண்டும். இருமல் வரும்போது மாஸ்க்கைக் கீழே இழுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார், பிறகு மெஷினின் திரையைத் தொடுவார். இந்த வைரஸ் வழவழப்பான பரப்பில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும்.

புதன் எட்டுப் பேர். அன்று இரவு காய்ச்சல் மறுபடி ஏறுகிறது, வியாழன் காலை இன்னொரு மாத்திரை, இன்னும் எட்டுப் பேர். செவ்வாய்க் கூட்டம், புதன் கூட்டம், வியாழன் கூட்டம். அவருடைய நான்கு நாற்காலிக்கும் அந்த வாரம் வருகிற இருபத்து நான்கு பேரும் முடிந்தார்கள். புதன் காலையில் ‘வராதே, படு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினாறு பேர் தப்பியிருப்பார்கள்.

இந்தப் பதினாறு பேரும் உங்களையும் என்னையும் போன்றவர்கள் இல்லை. சிறுநீரகம் செத்துப்போன உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் குறைவு. தடுப்பூசி போட்டாலும் அது நமக்கு வேலை செய்கிற அளவுக்கு அவர்களுக்குச் செய்யாது. பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும், சிலருக்கு இருதயமும் பலவீனம். நமக்கு மூன்று நாள் கஷாயத்தோடு போகிற ஜுரம் இவர்களை நிமோனியாவில் கொண்டுபோய்த் தள்ளும். வீட்டில் ஓய்வெடுக்கவும் வழியில்லை. காய்ச்சல் என்று டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வந்தே ஆக வேண்டும். வந்து, காய்ச்சலோடு, பக்கத்து நாற்காலிக்காரரோடு நாலு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

புதன் கூட்டத்தில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அறுபத்து மூன்று வயது, சர்க்கரை உண்டு, கழுத்தில் கதீட்டர். தொற்றிய நாளிலிருந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் இன்ஃப்ளூயன்ஸா தலைகாட்டும். சனிக்கிழமை டயாலிசிஸுக்கு வந்து படுத்ததும் அவருக்கு உடம்பு தூக்கிப்போடுகிற குளிர், காய்ச்சல். டாக்டர் என்ன நினைப்பார்? கதீட்டர் வழியாக ரத்தத்தில் பாக்டீரியா ஏறிவிட்டது என்றுதான். அப்படிச் சந்தேகிப்பதுதான் முறையும்கூட, தவறவிட்டால் உயிர் போகும். ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புகிறார்கள். வீரியமான ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். சில இடங்களில் கதீட்டரையே பிடுங்கி வேறு இடத்தில் புதிதாகப் போடுகிறார்கள். அதற்கு ஒரு பில். இரண்டு நாள் கழித்துக் கல்ச்சர் வருகிறது: கிருமி வளரவில்லை. அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

தொண்டையிலிருந்து சளி எடுத்து இன்ஃப்ளூயன்ஸாவுக்கு பி.சி.ஆர். செய்ய அப்போதுதான் யாருக்காவது தோன்றும், தோன்றினால். இதற்கான ஓசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். இவரைப் போன்றவர்களுக்குப் பிந்தியும் கொடுப்பார்கள், ஆனால் நல்ல நேரம் போய்விட்டது. டோஸிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மற்றவர்களுக்கு 75 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை. டயாலிசிஸ்காரருக்கு 30 மில்லிகிராம், ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும். மருந்தைச் சிறுநீரில் வெளியேற்ற அவருக்குச் சிறுநீரகம் இல்லையே. நள்ளிரவில் அவசரமாக எழுதுகிற டியூட்டி டாக்டர் பழக்கதோஷத்தில் முதல் கணக்கை எழுதிவிடவும் கூடும்.

இவர் பிழைத்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நிமோனியா, குணமடைந்தார்’ என்று இருக்கும். பிழைக்காவிட்டால் ‘செப்சிஸ்’. இரண்டிலுமே புதன்கிழமை சிஸ்டரின் இருமல் இருக்காது. தெரிந்துகொள்ள வழி இல்லாமலும் இல்லை. எந்த நாற்காலி, எந்த ஷிப்ட், யார் பார்த்தார்கள், யாருக்கு என்றைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் பி.சி.ஆர். செய்தால் நூல் பிடித்தாற்போல் தெரியும். அப்படியொரு தாளை எழுதவேண்டியது தொற்றுத்தடுப்புக் குழு. அங்கீகாரச் சான்றிதழுக்காக எல்லாப் பெரிய மருத்துவமனைகளும் அந்தக் குழுவை வைத்திருக்கின்றன. ஆய்வுக்கு ஆள் வருகிற மாதத்தில் அது மும்முரமாகக் கூடுகிறது, கை கழுவும் முறையை ஏழு படமாகப் போட்டுச் சுவரெல்லாம் ஒட்டுகிறது. கழுவுகிற கைக்குச் சொந்தக்காரருக்குக் காய்ச்சலா என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் லீவ் கொடுக்க வேண்டுமே.

கற்பனைக் கணக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு நிஜமாக நடந்த ஒன்று. கனடாவின் ஹாமில்டன் நகரில் 1998-இல் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இன்ஃப்ளூயன்ஸா புகுந்தது. அங்கிருந்த 54 குழந்தைகளில் 19 பேருக்குத் தொற்று. அவர்களில் 6 பேருக்குத்தான் வெளியே அறிகுறி தெரிந்தது. ஒரு குழந்தை இறந்துபோனது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தடுப்பூசியைப் போடவே முடியாது. அந்தக் குழந்தைகள் சந்தைக்குப் போகவில்லை, கல்யாணத்துக்குப் போகவில்லை. பெரியவர் ஒருவரின் மூச்சோ கையோ அதை உள்ளே கொண்டுவந்திருக்கிறது. அம்மாவாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், வேலை பார்த்தவராகவும் இருக்கலாம். முதல் இருவரையும் வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறோம். மூன்றாமவரைக் கேட்பதில்லை.

படித்தவர்களுக்குத் தெரியாமல் நடக்கிறதா இதெல்லாம்? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர்களிடமும் உயர்பயிற்சி பெற்ற செவிலியர் போன்றவர்களிடமும் ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2015-இல் வெளியிட்டார்கள். நோயோடு வேலைக்கு வந்தால் நோயாளிக்கு ஆபத்து என்று 95 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். கடந்த ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது நோயோடு வேலைக்கு வந்திருக்கிறோம் என்று 83 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஏறக்குறைய எல்லோரும் சொன்ன பதில், கூட வேலை பார்ப்பவர்களைத் தவிக்கவிடக் கூடாது என்பது. ஆள் பற்றாக்குறையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் காரணமாக இருந்தது. வசதி கொழிக்கும் மருத்துவமனையிலேயே இந்தக் கதை என்றால், பதினைந்தாயிரம் சம்பளத்தில் ஹாஸ்டல் அறையை ஆறு பேரோடு பகிர்ந்துகொள்ளும் நம் சிஸ்டரை என்னவென்று குற்றம் சொல்வது?

ஆனாலும் ஒரு குற்றத்தைச் சொல்லத்தான் வேண்டும். காய்ச்சலோடு வருவதை வீரமாகப் பேசிக்கொள்ளும் கூட்டம் ஒன்று வார்டுக்குள்ளேயே இருக்கிறது. டாக்டர்கள் இதில் முதல் வரிசை. ‘எனக்கு இருந்த ஜுரத்துக்கு வேற யாராவதா இருந்தா அட்மிட் ஆகியிருப்பான், நான் நாலு கேஸ் முடிச்சிட்டுத்தான் போனேன்’ என்று ஓய்வறையில் காபியோடு சொல்வார்கள், சுற்றி நிற்கும் பயிற்சி டாக்டர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த நாலு கேஸும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கீமோதெரபி முடிந்து வெள்ளை அணுக்கள் ஐந்நூறுக்கும் கீழே இறங்கிக் கிடக்கும் நோயாளியின் முன்னால் போய் நின்று இருமுவதற்குப் பெயர் அர்ப்பணிப்பு என்றால், அந்த அர்ப்பணிப்பை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் டாக்டர். உங்கள் தியாகத்தில் உயிரைப் பணயம் வைப்பது நீங்கள் இல்லை.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் சிஸ்டருக்கு ஒரு நாள் என்பது ஐந்நூறு ரூபாய். நாலு நாள் படுத்தால் ‘லாஸ் ஆஃப் பே’ இரண்டாயிரம். முழு வருகைக்கு போனஸ் தருகிற இடமாக இருந்தால் அதுவும் போச்சு. இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு நாட்களுக்கு ஒரு பைசா கிடையாது. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அந்த விதி தளரும். ஆக நாலு நாள் காய்ச்சலுக்கு இரண்டாயிரம் போகிற இடத்தில் அவருக்கு வருவது எழுநூறு ரூபாய். அந்த எழுநூறுக்குச் சான்றிதழ் வாங்க டிஸ்பென்சரி வரிசையில் காய்ச்சலோடு போய் நிற்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு. எந்த இரண்டு நாளில் அவர் மூச்சில் வைரஸ் கொட்டுகிறதோ, சரியாக அந்த இரண்டு நாளைத்தான் சட்டம் அவர் தலையில் கட்டுகிறது.

மருத்துவமனைக்கு எவ்வளவு மிச்சம்? நாலு நாளைக்கு ஒரு மாற்று ஆளுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டாயிரம். பெருநகர மருத்துவமனையில் ஐ.சி.யூ.வின் ஒரு நாள் வாடகை இதைத் தாண்டிவிடும். அந்த ஐ.சி.யூ. பில்லைக் கட்டப்போவதும் மருத்துவமனை இல்லை. தொற்றைக் கொடுத்தவரே வைத்தியமும் பார்த்து, பில்லும் போட்டு வாங்கிக்கொள்ளும் தொழில் இதைவிட்டால் வேறு எங்கே இருக்கிறது?

லீவுக்கு ஆள் வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் ஆள் கணக்கிலேயே, தேவையான செவிலியர் எண்ணிக்கையோடு விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறது. பத்துப் பேர் வேண்டிய இடத்தில் பதின்மூன்று பேர். நம் மருத்துவமனைகள் பத்துப் பேர் வேண்டிய இடத்தில் ஏழு பேரை வைத்துக்கொண்டு, மிச்சத்தை டபுள் டூட்டியால் நிரப்புகின்றன. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த ஜெகதீஷ் பிரசாத் குழு 2016-இல், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட ஒரு செவிலியருக்கு மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது, விடுப்பும் வேலை நேரமும் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றது. என்றது, அவ்வளவுதான். பரிந்துரை என்றால் நம் ஊரில் பத்திரமாக வைக்கப்படும் காகிதம்.

என்ன விதி வேண்டும் என்பதில் பெரிய மர்மம் இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. வெகு காலமாகச் சொல்லிவருவதுதான். காய்ச்சலும் இருமலும் உள்ள ஊழியர் வேலைக்கு வரக் கூடாது. மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரமாவது ஆன பிறகு வரலாம். இதில் ‘மாத்திரை போடாமலேயே’ என்பதுதான் உயிர். மாத்திரையில் அடங்கிய காய்ச்சல் கணக்கில் சேராது. திரும்பி வந்த பிறகும் இருமல் இருந்தால் முகத்தோடு ஒட்டிய மாஸ்க், மூக்குக்குக் கீழே தொங்குகிற மாஸ்க் இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களைப் பார்ப்பவர் என்றால் அறிகுறி தொடங்கி ஏழு நாள், அல்லது அறிகுறி முற்றிலும் போகும்வரை, எது அதிகமோ அதுவரை அந்த வார்டுப் பக்கமே போகக் கூடாது. ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்று காட்டிவிட்டு உள்ளே நுழைவதும் கூடாது. இன்ஃப்ளூயன்ஸாவை அந்த டெஸ்ட் தவறவிடுவது சகஜம்.

இதையெல்லாம் செய்தாலும் ஓட்டை இருக்கும். அதையும் மறைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1993-94 குளிர்காலத்தில் 518 மருத்துவமனை ஊழியர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 120 பேருக்கு அந்தப் பருவத்தில் இன்ஃப்ளூயன்ஸா வந்துபோன தடயம் இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அப்படியொரு காய்ச்சல் வந்ததாக நினைவே இல்லை. கால்வாசிப் பேருக்குச் சளி பிடித்த ஞாபகம்கூட இல்லை. படுக்கவே தோன்றாதவரை எப்படிப் படுக்கச் சொல்வது? அங்கேதான் தடுப்பூசி வேண்டும், ஒவ்வொரு வருடமும். சென்னை, வேலூர்ப் பக்கம் இந்த வைரஸ் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. அதற்கு முன்பே போட வேண்டும், மருத்துவமனை செலவில். நிர்வாகிகள் இதைக் கேட்டதும், ‘பாருங்கள், லீவ் கொடுத்தும் பிரயோஜனமில்லை’ என்று கிளம்பிவிடுவார்கள். கூரையில் ஒரு ஓட்டை அடைபடவில்லை என்பதற்காகக் கூரையையே பிரித்துப் போடுகிற புத்தி.

மருத்துவமனையைத் திட்டிக்கொண்டே போகும்போது நம் வீட்டுக் கூடமும் கண்ணில் படுகிறது. பக்கவாதத்தில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க ஏஜென்சியில் சொல்லி ஒரு அக்காவை வைத்திருப்போம். தினக்கூலி. ஏஜென்சி கமிஷன் போக மிச்சம்தான் அவருக்கு. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய காசு இல்லை, இரண்டு நாள் வராவிட்டால் வேறு ஆள். ‘உடம்பு சரியில்லை சார்’ என்று அவர் போனில் இழுக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? ‘மாத்திரை போட்டுட்டு வாங்களேன், எனக்கு இன்னைக்கு ஆபீஸ்ல முக்கியமான மீட்டிங்.’ அவர் வருகிறார். அப்பாவுக்கு ஊட்டிவிடுகிறார். வயதானவர்களுக்கு இந்த நோய் பல சமயம் காய்ச்சலே இல்லாமல் வரும். திடீரென்று சோர்ந்துபோவார், பேச்சு குழறும், பகலை இரவென்பார், சாப்பாட்டைத் தள்ளுவார். ‘வயசாச்சு’ என்று நாமும் விட்டுவிடுவோம். அந்த அக்காவுக்கு இரண்டு நாள் கூலியோடு லீவ் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு, அன்றைய மீட்டிங்கில் வாங்கிவைத்த பிஸ்கட்டை விடக் கொஞ்சம் அதிகம்.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாரையாவது கீமோவுக்கோ டயாலிசிஸுக்கோ பிரசவத்துக்கோ சேர்க்கும்போது, அட்மிஷன் கவுன்டரில் ரூம் வாடகையும் இன்சூரன்ஸும் கேட்கிற கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: ‘இங்கே சிஸ்டருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவ் உண்டா?’ கவுன்டரில் இருப்பவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, மேனேஜரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். வார்டில் இருமிக்கொண்டே ஊசி போட வரும் சிஸ்டரைக் கண்டால் அவர்மேல் பாயாதீர்கள், ‘உங்களை இன்னைக்கு யாரும்மா டூட்டிக்கு வரச் சொன்னது?’ என்று மட்டும் கேட்டு, அந்தப் பெயரைப் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். சிஸ்டரின் பெயரை எழுதிவிட வேண்டாம்.